இருபத்து மூன்றாம் வரிசை

இந்தக் காலத்தில் யாரும் எதையும் நேரில் வந்து சொல்வதில்லை. சாவு என்றாலும் போன், கல்யாணம் என்றாலும் போன். முன்பெல்லாம் ஒருவன் உங்களை அவமானப்படுத்த வேண்டுமென்றால் குறைந்தபட்சம் உங்கள் வாசல்வரை நடந்தாவது வருவான். நீங்களும் பதிலுக்கு நாலு வார்த்தை கேட்டு அனுப்பலாம். இப்போது அந்த நடையும் மிச்சம். இடுப்பில் செருகியிருக்கும் போன் ஒரு தடவை உதறும். அவமானம் வந்து சேர்ந்துவிடும்.

காத்தவராயனுக்கு அப்படித்தான் வந்து சேர்ந்தது. அவருக்குப் படிக்கத் தெரியாது. இரண்டாம் வகுப்பில் வாத்தியார் பிரம்பை எடுத்த அன்று மாடு மேய்க்கப் போனவர். எண்கள் மட்டும் தெரியும். அதுவும் கரும்பு ஆலை எடைமேடையில் ஏமாந்து ஏமாந்து கற்றுக்கொண்டது. சைக்கிள் கடை மூர்த்தியிடம் போனை நீட்டி, "இன்னா எழுதியிருக்குது, பாரு" என்றார்.

மூர்த்தி சத்தமாகவே படித்தான். கடையில் இன்னும் நாலைந்து பேர் இருந்தார்கள்.

"தங்கள் மகன் பரணிதரன், முதலாமாண்டு, மின்னியல் துறை. வருகை ஐம்பத்தேழு புள்ளி எழுபத்தெட்டு சதவீதம். எழுபத்தைந்துக்குக் குறைவாக உள்ளதால் தேர்வு எழுத அனுமதி இல்லை. பெற்றோர் துறையை அணுகவும்."

படித்து முடித்த பிறகுதான் தான் எதைப் படித்தோம் என்று மூர்த்திக்கு உறைத்தது. பரணியை மண்ணில் வைத்து இரண்டு மாதம் ஆகிறது. மாசி பிறந்த வாரம், காய்ச்சல் என்று படுத்தவன் எழுந்திருக்கவில்லை. பாடைக்கு மூங்கில் வெட்டிக்கொண்டு வந்ததே இந்த மூர்த்திதான்.

"ஏதோ தப்பா வந்திருக்கும் பெரியப்பா" என்றான்.

காத்தவராயன் போனை வாங்கி இடுப்பில் செருகிக்கொண்டு நடந்தார். ஆனால் அந்த எண் அவருக்கு முன்னால் ஊருக்குள் போய்விட்டது. சாயங்காலம் குழாயடியில் பேச்சு இப்படித் திரும்பியிருந்தது: பையன் செத்ததுக்கு முந்தியே காலேஜுக்கு ஒழுங்கா போவலையாம். பாதி நாள்தான் போயிருக்கான். பாவம், இவரு கரும்பு வெட்டி வெட்டிப் படிக்க வச்சாரு.

அதைக் கேட்டுக்கொண்டு குடத்தோடு வந்த அஞ்சலை, குடத்தைக்கூட இறக்காமல் புருஷன் எதிரில் நின்றாள்.

"தெனமும் சோறு கட்டிக் குடுத்தேனே. காலேஜுக்குப் போவலன்னா அந்தச் சோத்த எங்க ஒக்காந்து தின்னான் எம்புள்ள?"

அழுகையும் இல்லை, கோபமும் இல்லை. கேட்க வேண்டியதைக் கேட்டாள், அவ்வளவுதான். செத்த பிறகும் ஒரு மகனை அப்பன் சந்தேகப்பட முடியும் என்பது அந்த ராத்திரிதான் அவருக்குத் தெரிந்தது. விடிந்ததும் வெள்ளைச் சட்டையை எடுத்து மாட்டினார். காரியத்துக்குப் பிறகு அதை அவர் தொட்டதில்லை.

பாலிடெக்னிக்கில் துறை வாசலிலேயே அறிவிப்புப் பலகை. கண்ணாடிக்குள் ஒரே தாள். 'வருகை குறைந்தோர்' என்று மேலே போட்டிருந்தது. அவரால் அதைப் படிக்க முடியவில்லை. அங்கே நின்ற ஒரு பையனிடம், "இதுல பரணிதரன்னு பேர் கெடக்குதா?" என்று கேட்டார்.

பையன் விரலை ஓட்டினான். ஆறு பேர் இருந்தார்கள். நாலாவதில் விரல் நின்றது. அவன் திரும்பி அவர் முகத்தைப் பார்த்தான், சட்டையைப் பார்த்தான், விரலைச் சட்டென்று எடுத்துக்கொண்டான்.

"நீங்க பரணி அப்பாவா?"

"ஆமா. நீ யாரு?"

"ரிஸ்வான். அவன் கிளாஸ்தான். கிளாஸ் லீடர்."

"அப்ப வா உள்ள. உங்கிட்டயும் கேக்கணும்."

உள்ளே மூன்று மேசைகள். சன்னலோர மேசையில் கணினிக்கு முன்னால் ஹேமாவதி டீச்சர். முதலாமாண்டு வகுப்பின் பொறுப்பு அவளுக்கு; முப்பது வயதிருக்கும். நடு மேசையில் துறைத் தலைவர் ஞானசேகரன். இரண்டு பேரும் சாவுக்கு வந்தவர்கள். டீச்சர் எழுந்து நின்றுவிட்டாள். தலைவர் நாற்காலியை இழுத்துப் போட்டார்.

"ஒக்காருங்க ஐயா. டீ சொல்லட்டுமா?"

"டீ குடிக்க வரல. இத யாரு அனுப்புனது?" போனை மேசையில் வைத்தார்.

தலைவர் படித்தார். கண்ணாடியைக் கழற்றினார். "இது ஆளு அனுப்புறது இல்லிங்க ஐயா. எழுபத்தஞ்சுக்குக் கீழ யாரெல்லாம் இருக்காங்களோ அவங்க வீட்டுக்குத் தானா போயிடும். நாங்க பார்த்து எடுத்திருக்கணும். தப்புதான்."

"தானா போவுமா? எங்க ஊரு எடைமேடைக்காரனும் இதத்தான் சொல்லுவான். நான் ஒண்ணும் பண்ணல, மிசின் தானா காட்டுது, அப்பிடிம்பான்."

தலைவர் கண்ணாடியை மேசைமேல் வைத்தார்.

"அவன் செத்தது உங்களுக்குத் தெரியும்" என்றார் காத்தவராயன். "நீ வந்து மாலை போட்ட. இந்தம்மா எம் பொண்டாட்டியக் கட்டிப் புடிச்சி அழுதுச்சி. அப்புறம் எப்படி அவன் பரீட்சை எழுதக் கூடாதுன்னு பலகையில ஒட்டியிருக்கீங்க?"

"ஐயா, கோவிச்சுக்கக் கூடாது. இறப்புச் சான்றிதழ் குடுத்து, நீங்க ஒரு கையெழுத்து போட்டாதான் ஆபீஸ்ல பேரை நீக்குவாங்க. அது வர்ற வரைக்கும் பேர் பட்டியல்ல இருந்துக்கிட்டேதான் இருக்கும்."

"நீ போட்ட மாலை சான்றிதழ் இல்லையா சாரு?"

தலைவர் தலையைக் குனிந்துகொண்டார். "இப்பவே பண்ணிடலாம். பேரையே எடுத்துடுறேன். இன்னைக்கு மூணு மணிக்குத்தான் இந்தப் பட்டியல் மேல போகுது. அதுக்குள்ள அவன் பேர் இருக்காது. பலகையிலயும் இருக்காது" என்றார்.

"வேணாம்."

"என்னங்கய்யா?"

"பேர எடுத்தா அவன் இங்க படிக்கவே இல்லன்னு ஆயிடும். ஊருக்குள்ள பாதி நாள் வரலன்னு பேசுறான். நீ எடுத்துட்டா, பாத்தியா, காலேஜுலயே பேரு இல்லம்பான். எனக்குப் பேர எடுக்க வேணாம். அவன் வந்தானா வரலியா, அத எனக்குக் காட்டு. வரலன்னா வரலன்னு சொல்லிட்டுப் போறேன். அவன் ஆத்தாளுக்கு நான் ஒரு பதில் சொல்லணும்."

தலைவர் டீச்சரைப் பார்த்தார். டீச்சர் கணினியைத் திருப்பி வைத்தாள். சின்னச் சின்னக் கட்டங்கள், வயலில் நாற்று நட்டது போல வரிசை வரிசையாக எழுத்துகள். ஒவ்வொரு வரிசையும் ஒரு பிள்ளை, ஒவ்வொரு கட்டமும் ஒரு நாள். இரண்டே இரண்டு எழுத்துதான் திரும்பத் திரும்ப வந்தது. ஒன்று கொக்கி மாதிரி, இன்னொன்று கூரை மாதிரி.

"இந்தக் கொக்கி P. வந்திருந்தான்னு அர்த்தம்" என்றாள் டீச்சர். "கூரை A. வரலைன்னு. இந்த செமஸ்டர்ல மொத்தம் தொண்ணூறு நாள் வகுப்பு நடந்திருக்கு. P எத்தனை இருக்குன்னு எண்ணி, Pயும் Aவும் சேர்ந்து எத்தனையோ அதால வகுத்து, நூறால பெருக்கினா சதவீதம். எழுபத்தஞ்சுக்குக் கீழ வந்தா அந்த வரிசை தானா சிவப்பாயிடும்."

"நூறு எங்கேருந்து வந்துச்சு? தொண்ணூறு நாள்னு சொன்ன?"

"நூறு நாள் நடந்திருந்தா எத்தனை நாள் வந்திருப்பான்னு ஒரு கணக்குங்க ஐயா."

"நடக்காத நாளுக்கு ஒரு கணக்கு" என்றார் காத்தவராயன். "சரி, எம்புள்ளையக் காட்டு."

இருபத்து மூன்றாம் வரிசை. முழுக்கச் சிவப்பு.

டீச்சர் ஒரு பென்சிலை எடுத்து முதல் கட்டத்திலிருந்து காட்டிக்கொண்டே போனாள். டிசம்பர் முழுக்கக் கொக்கி. பொங்கலுக்குப் பிறகு ஓரிடத்தில் மூன்று கூரை அடுத்தடுத்து.

"நில்லு. இது எந்த நாளு?"

டீச்சர் தேதி சொன்னாள். காத்தவராயன் மனதுக்குள் எதையோ தேடினார்.

"ஆலையிலேருந்து கரும்பு வெட்டு உத்தரவு வந்த வாரம். லோடு ஏத்த ஆளு கெடைக்கல. நாந்தான் அவன நிறுத்துனேன். சரியாத்தான் போட்டிருக்க. மேல போ."

மறுபடி கொக்கி, கொக்கி. எடைமேடையில் முள்ளைப் பார்ப்பது போல அவர் கண் இமைக்காமல் கூடவே வந்தது. பிறகு நாலு கூரை.

"இது?"

டீச்சர் பென்சிலை அந்த நாலாவது கட்டத்தின் மேல் வைத்துக்கொண்டிருந்தாள்.

"காய்ச்சலா?"

"ஆமாங்க ஐயா. இதுதான் கடைசி நாள்."

"காய்ச்சல்ல கெடந்தத வரலன்னா போடுவாங்க?" என்று ஆரம்பித்தவர், தானே நிறுத்திக்கொண்டார். "வரலியே. வரலன்னா வரலன்னுதான் போடணும். அதுவும் சரி."

அந்த இடம்வரை நாற்பத்தெட்டுக் கட்டம். அதில் ஏழுதான் கூரை. ஏழும் அவருக்குத் தெரிந்த ஏழு. காத்தவராயன் நாற்காலியில் கொஞ்சம் சாய்ந்தார். பிள்ளை எங்கும் போய்விடவில்லை. மூன்று நாள் அப்பனோடு இருந்தான், நாலு நாள் ஆத்தாள் மடியில் கிடந்தான், மற்ற நாளெல்லாம் இங்கேதான் இருந்திருக்கிறான்.

"அப்ப மீதி?" என்றார். வரிசை இன்னும் நீண்டு போய்க்கொண்டிருந்தது.

"மீதியும் A போட்டுட்டேன் ஐயா" என்றாள் டீச்சர். "கட்டத்தைக் காலியா விடக் கூடாதுன்னு எங்களுக்குப் பழக்கம். தணிக்கைக்கு வர்றவங்க காலிக் கட்டத்தைப் பார்த்தா, அட்டென்டன்ஸே எடுக்கலையான்னு கேட்பாங்க. ரெண்டுல ஒண்ணு போட்டாகணும்னு போட்டுட்டேன்."

"குழியில கெடக்கறவன் வரலன்னு போட்டிருக்க."

"ஆமாங்க ஐயா."

அவள் வேறு சமாதானம் சொல்லவில்லை. அது காத்தவராயனுக்குக் கொஞ்சம் பிடித்தது.

ஞானசேகரன் தொண்டையைச் செருமினார். "ஹேமா, வேலூர்லேருந்து நடுவுல மாத்திக்கிட்டு வந்தானே ஒரு பையன், அவனுக்கு எப்படிப் போட்டோம்?"

டீச்சர் நிமிர்ந்தாள். "அவன் வர்றதுக்கு முன்னாடி நாளெல்லாம் காலியா விட்டோம் சார். குறிப்பு எழுதி நீங்க கையெழுத்துப் போட்டீங்க. காலிக் கட்டம் கணக்குல சேராது. வந்த நாள்லேருந்துதான் வகுக்கும்."

"முன்னாடி விடலாம்னா பின்னாடியும் விடலாம். குறிப்பு எழுது, நான் போடுறேன்."

டீச்சர் வரிசையின் கடைசிக்குப் போனாள். கடைசிக் கூரையை அழித்தாள். அதற்கு முந்தியதை அழித்தாள். மொத்தமாக இழுத்து ஒரே தட்டில் அழித்திருக்கலாம். அவள் ஒவ்வொன்றாகத்தான் அழித்தாள். ஓரத்தில் இருந்த எண் ஒவ்வொரு தட்டுக்கும் கொஞ்சம் கொஞ்சமாக ஏறியது. அறுபதானது, அறுபத்தைந்தானது. எழுபதைத் தாண்டியபோது தலைவர் எழுந்து வந்து பின்னால் நின்றுகொண்டார். எழுபத்தைந்தைத் தாண்டிய உடனே வரிசையின் சிவப்பு மறைந்து வெள்ளையானது. டீச்சர் நிறுத்தவில்லை. கூரைகள் தீரும்வரை அழித்துக்கொண்டே போனாள்.

"எண்பத்தெட்டு புள்ளி ஒண்ணு நாலு" என்றார் தலைவர், பெருமூச்சோடு. "முடிஞ்சுது ஐயா. இந்தத் தாளை எடுத்துட்டுப் புதுத் தாள் ஒட்டிடலாம்."

காத்தவராயன் எண்ணைப் பார்க்கவில்லை. வரிசையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"அந்த நாலு கூரைக்கு அந்தாண்ட இன்னா அது?"

டீச்சர் பென்சிலைக் கீழே வைத்தாள்.

"கடைசி நாளுன்னு சொன்னியே. அதுக்கு அப்புறம் கொக்கி கெடக்குதே. ஒண்ணு, ரெண்டு…" விரலால் தொட்டுத் தொட்டு எண்ணினார். "பதினொண்ணு. பதினோரு நாளு வந்தானா அவன்? பொதச்சதுக்கு அப்புறம்?"

ரிஸ்வான் கதவோரமாகவே நின்றுகொண்டிருந்தான்.

"ஐயா," என்றாள் டீச்சர், "நான் தினமும் பேர் கூப்பிட்டு எடுக்கிறதில்லை. அறுபது பேரைக் கூப்பிட்டா பாதி வகுப்பு போயிடும். காலையில முதல்ல எல்லாருக்கும் P போட்டுடுவேன். அப்புறம் லீடர் எழுந்து வராதவங்க நம்பரைச் சொல்லுவான். அவங்களுக்கு மட்டும் A-ன்னு மாத்துவேன். எல்லா வாத்தியாரும் அப்படித்தான் பண்றோம். அவன் போனதுக்கு அப்புறம்… லீடர் இருபத்து மூணைச் சொல்லலை. நானும் கவனிக்கலை. பதினோரு நாள் கழிச்சுத்தான் பார்த்தேன்."

காத்தவராயன் திரும்பினார். "ஏன்டா?"

ரிஸ்வான் தரையைப் பார்த்தான்.

"உன்னத்தான். நம்பரு சொல்றது உன் வேலதான? ஏன் சொல்லல?"

"வாய் வரலை அப்பா."

"ஏன் வரல?"

"வராதவங்க நம்பர் சொல்லச் சொல்லுவாங்க. அவன் பெஞ்சு காலியா இருக்கும். பதினெட்டு, முப்பத்தொண்ணு, அப்படிச் சொல்லிட்டு வருவேன். இருபத்து மூணுன்னு சொன்னா லீவு போட்ட மாதிரி இருக்கும். நாளைக்கு வந்துடுவான்ங்கற மாதிரி. சொல்லாம விட்டா… அது வேற மாதிரி இருந்துச்சு. பசங்களும் சொல்லாதடான்னு சொன்னாங்க. மேடம் ஒருநாள் கேட்டப்பறம் எனக்குப் பதிலா அவங்களே போட்டுக்கிட்டாங்க."

பையன் மூக்கை உறிஞ்சினான். காத்தவராயன் அவனையே பார்த்துக்கொண்டிருந்தார். இது நெசமா நடிப்பா என்று பார்க்கிற பார்வை. நாற்பது வருடம் தரகர்களையும் எடைக்காரர்களையும் பார்த்த பார்வை அது. பிள்ளைக்கு ஒரு மாதிரி, பெரியவனுக்கு ஒரு மாதிரி என்று மாற்றிக்கொள்ள அவருக்குத் தெரியாது.

"அவன் சோத்துப் பொட்டி இன்னா கலரு?" என்றார் திடீரென்று.

"பொட்டி இல்லப்பா. தூக்கு. மூடி ஒரு பக்கம் நசுங்கியிருக்கும். திறக்கவே வராது, நான்தான் பெஞ்சு முனையில தட்டித் திறப்பேன். திங்கக்கிழமைன்னா கருவாட்டுக் குழம்பு. வாசனைக்கு அடுத்த கிளாஸ்லேருந்து வருவானுங்க. அவனுக்குப் பாதிதான் மிஞ்சும்."

மூடி நசுங்கியது காத்தவராயனால்தான். மாட்டுவண்டிச் சக்கரத்தில் சிக்கியது. புதுசு வாங்கித் தருகிறேன் என்று ரெண்டு வருடமாகச் சொல்லிக்கொண்டிருந்தார்.

அவர் மறுபடி கணினிப் பக்கம் திரும்பினார்.

"அந்தப் பதினொண்ணையும் எடு."

தலைவர் குறுக்கே வந்தார். "ஐயா, அது இருந்தா உங்களுக்கு நல்லதுதானே. எண்பத்தெட்டு காட்டுது. எடுத்தா குறையும். பசங்க ஏதோ பாசத்துல விட்டது. இருந்துட்டுப் போகட்டும்."

"எவ்ளோ கொறையும்?"

டீச்சர் தாளில் போட்டுப் பார்த்தாள். "நாற்பத்தெட்டு நாள்ல நாற்பத்தொண்ணு. எண்பத்தஞ்சு புள்ளி நாலு ரெண்டு. எழுபத்தஞ்சுக்கு மேலதான். பட்டியல்ல வராது."

"அப்ப எடு."

"ஐயா…"

"எடும்மா. அவன் வராத நாளுல வந்தான்னு போட்டா, வந்த நாளுல வந்தான்னு போட்டதையும் எவன் நம்புவான்? ஒரு கல்லு பொய்யின்னா மொத்த எடையும் பொய்யி. எம்புள்ள வரிசையில பொய்யி வேணாம்."

டீச்சர் அழித்தாள். இந்தத் தடவை எண் இறங்கியது. கொக்கி ஒவ்வொன்றாகப் போகப் போக, கதவோரம் நின்ற ரிஸ்வான் முகத்தை அந்தப் பக்கம் திருப்பிக்கொண்டான். பதினோராவது கொக்கிக்கு வந்ததும் டீச்சர் ஒரு கணம் தயங்கி அவரைப் பார்த்தாள். அவர் தலையை ஆட்டினார். அதுவும் போயிற்று. நாலு கூரைக்கு அந்தாண்டை வரிசை வெள்ளையாகக் கிடந்தது, அறுவடை முடிந்த நிலம் போல. மேலேயும் கீழேயும் மற்ற பிள்ளைகளின் எழுத்துகள் ஓரம்வரை போய்க்கொண்டிருந்தன.

டீச்சர் ஓரத்தில் ஒரு குறிப்பு எழுதினாள். அதை அவருக்குப் படித்துக் காட்டினாள். 'மாணவர் இறந்த நாள் வரை மட்டும் கணக்கிடப்பட்டது.' தலைவர் தாளை எடுத்துக் கையெழுத்துப் போட்டு முத்திரை குத்தினார். ரிஸ்வான் போய்ப் பலகையின் கண்ணாடியைத் திறந்து பழைய தாளை எடுத்துவிட்டுப் புதுத் தாளை ஒட்டினான். ஐந்து பேர்தான் இருந்தார்கள்.

காத்தவராயன் முத்திரைத் தாளைக் கையில் வாங்கிப் பார்த்தார். தலைகீழாகப் பிடித்திருக்கிறோமா என்று முத்திரையை வைத்துச் சரிபார்த்துக்கொண்டார்.

"இது எத்தன?"

"எண்பத்தஞ்சு புள்ளி நாலு ரெண்டு ஐயா."

"நேத்து அம்பத்தேழு. அப்புறம் எம்பத்தெட்டு. இப்ப எம்பத்தஞ்சு." அவர் டீச்சரை நிமிர்ந்து பார்த்தார். "அதுக்குள்ள அவன் ஒரு நாளு அதிகமா வரவும் இல்ல, ஒரு நாளு அதிகமா நிக்கவும் இல்ல. செத்தவன் செத்த எடத்துலதான் கெடக்கறான். நீ இங்க ஒக்காந்து அழிச்சா ஏறுது, இன்னொண்ண அழிச்சா எறங்குது. இன்னாம்மா கணக்கு இது?"

"கூரையை எடுத்தா கீழ வகுக்கிற நாள் மட்டும் குறையும் ஐயா, அதனால ஏறும். கொக்கியை எடுத்தா மேலயும் குறையும், கீழயும் குறையும், அதனால…"

"நீ சரியாத்தான் சொல்லுவ. எடைமேடைக்காரனும் நல்லா வெளக்குவான்."

"இப்ப இருக்கிறதுதான் சரியான கணக்கு ஐயா. நம்புங்க."

"நேத்து இருந்ததும் சரின்னுதான என் வூட்டுக்கு அனுப்புனீங்க?"

டீச்சருக்குக் கண் கலங்கியிருந்தது. காத்தவராயனுக்கு அவள்மேல் கோபம் இல்லை. கோபம் யார்மேல் என்றும் அவருக்குத் தெரியவில்லை. தாளை நாலாக மடித்துச் சட்டைப் பையில் வைத்தார்.

தலைவர் வாசல்வரை வந்தார். "இனிமே உங்களுக்கு எந்த மெசேஜும் வராது. நான் பொறுப்பு ஐயா."

"தானா போவும்னு சொன்னியே சாரு. தானா போறதுக்கு நீ எப்படிப் பொறுப்பு?"

பலகை பக்கத்தில் ரிஸ்வான் நின்றிருந்தான். பழைய தாளைக் கசக்கிக் கையில் வைத்திருந்தான். எங்கே போடுவது என்று அவனுக்குத் தெரியவில்லை போலிருக்கிறது. காத்தவராயன் அவன் எதிரில் நின்றார்.

"திங்கக்கெழம தவிர மத்த நாளு இன்னா கொண்டாருவான்?"

"புளிச்சோறு. முட்டை. வெள்ளிக்கிழமை கத்திரிக்கா."

"வெள்ளிக்கெழம கத்திரிக்கா" என்று அவர் ஒரு தடவை சொல்லிப் பார்த்துக்கொண்டார், வழியில் மறந்துவிடக் கூடாது என்பது போல. பிறகு, "பரீட்சைக்குப் படிடா. சும்மா பலகைகிட்ட நிக்காத" என்றார்.

பேருந்து நிறுத்தம் ரோட்டுக்கு எதிர்ப்பக்கம். வெயில் உச்சிக்கு வந்திருந்தது. கேட்டைத் தாண்டும்போது இடுப்பில் போன் உதறியது. எடுத்துப் பார்த்தார். எழுத்துகள். எந்த எழுத்து என்று தெரியவில்லை. மூர்த்தியிடம் கொடுத்தால் படிப்பான். கடையில் இன்னும் நாலைந்து பேர் இருப்பார்கள்.

அவர் போனை மறுபடி இடுப்பில் செருகிக்கொண்டார். சட்டைப் பையை ஒரு தரம் தொட்டுப் பார்த்தார். அஞ்சலையிடம் தாளைக் கொடுக்கலாம். எண்பத்தைந்து என்று சொல்லலாம். அவள் அதை வாங்கி அரிசிப் பானை மேல் வைப்பாள். ஆனால் அவள் கேட்டது எண்ணை இல்லை. அவள் கேட்டதற்குக் கத்திரிக்காயும் கருவாடும்தான் பதில். அதிலும் அந்தப் பையன் ரெண்டு வார்த்தை கூட்டிச் சொல்லியிருப்பான். இந்தக் காலத்துப் பிள்ளைகளை எப்படி நம்புவது?

நசுங்கிய மூடியை மட்டும் அவன் கூட்டிச் சொல்லவில்லை. அது அவருக்கே தெரியும்.

திரும்பிப் பார்க்காமல் ரோட்டைக் கடந்தார்.